எஸ்2 சொன்ன எடை

நம் பால்வெளியின் நடுவில் இருக்கும் கருந்துளையை எடை போட, ஒரு நட்சத்திரத்தின் பாதையும் கெப்ளரின் விதியும் போதும்.

அந்த நட்சத்திரத்தின் பெயர் எஸ்2. நமக்கும் அதற்கும் நடுவே தூசி அடர்த்தி என்பதால் சாதாரண ஒளியில் தெரியாது, அகச்சிவப்பில்தான் பார்க்க முடியும். வானியலாளர்கள் ரைன்ஹார்ட் கென்சலின் குழு சிலியிலிருந்தும், ஆண்ட்ரியா கெஸ்ஸின் குழு ஹவாயிலிருந்தும் 1990களில் தொடங்கி அதன் இடத்தைக் குறித்துக்கொண்டே வந்தார்கள். புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு நீள்வட்டம். ஒரு சுற்றுக்கு 16 ஆண்டுகள்.

இப்போது கெப்ளர் விதிப்படி கணக்கு. நீள்வட்டத்தின் அரை நீளம், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல ஏறக்குறைய 1,000 மடங்கு. அந்த 1,000-இன் முப்படியை 16-இன் வர்க்கத்தால் வகுத்தால், நடுவில் இருப்பதன் எடை சூரியன்களில் கிடைத்துவிடும்: 100 கோடி ÷ 256, சுமார் 39 லட்சம். துல்லியமான அளவுகளைப் போட்டால் 43 லட்சம் வரும். பள்ளிக்கூடக் கணக்குதான்!

சரி, அது ஏன் நட்சத்திரக் கூட்டமாக இருக்கக் கூடாது? 2018 மே மாதம் எஸ்2 நொடிக்கு 7,700 கி.மீ. வேகத்தில் மையத்தை நெருங்கியது. அப்போது இருந்த தூரம், சூரியனிலிருந்து நெப்டியூன் இருப்பதைப் போல வெறும் நான்கு மடங்கு. அதற்குள் 40 லட்சம் சூரியன்களின் எடை அடங்கியிருக்கிறது, அதற்கேற்ற வெளிச்சம் துளியும் இல்லை. இருண்ட விண்மீன்களை அங்கே திணித்து வைத்தாலும் மோதிக்கொண்டே சீக்கிரம் குலைந்துவிடும்.

இதற்காகக் கென்சலுக்கும் கெஸ்ஸுக்கும் 2020 நோபல் பரிசு தந்தபோது, பரிசுக்கான காரணத்தைச் சொல்லும் வரியில்கூட கருந்துளை என்று சொல்லாமல் "மிகப்பெரிய, செறிவான பொருள்" என்றுதான் எழுதினார்கள். அந்த ஜாக்கிரதை எனக்குப் பிடித்திருந்தது.