பதினைந்து கட்டைப் புதிர்: பாதி ஏன் வராது? அட்டையில் செய்து பார்த்தது

4×4 பலகையில் 1 முதல் 15 வரை எண்ணிட்ட கட்டைகளும் ஒரு காலியிடமும் இருக்கும்; கட்டைகளைக் காலியிடத்துக்குத் தள்ளித் தள்ளியே எண்களை வரிசைப்படுத்த வேண்டும். ஆனால் கட்டைகளைக் கையால் எடுத்துக் கண்டபடி அடுக்கினால், அந்த அடுக்குகளில் பாதி எவ்வளவு தள்ளினாலும் வரிசைக்கு வராது. ஏன் என்று பார்ப்போம். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் புதிரில் கட்டைகளை எளிதில் கழற்ற முடியாது. அதனால் இந்தச் சோதனைக்கு அது உதவாது. தடித்த அட்டையில் 3 செ.மீ. கட்டங்களாக 4×4 பலகை வரைந்து, கட்டங்களைச் சதுரங்கப் பலகை போல ஒன்றுவிட்டு ஒன்று கறுப்படித்துக்கொள்ளுங்கள். மேல் இடது மூலை கறுப்பு என்று வைத்துக்கொள்வோம். அப்போது கீழ் வலது மூலையும் கறுப்பாக வரும். கட்டைகளை 2.8 செ.மீ. அளவில் வெட்டினால் விரலால் தள்ளும்போது ஒன்றோடொன்று முட்டாது. இப்போது காலியாக இருக்கும் கட்டத்தின் நிறம் எப்போதும் கண்ணில் படும். இந்த ஒரு வசதிக்காகத்தான் அட்டையில் செய்கிறோம்.

1 முதல் 15 வரை வரிசையாக அடுக்கிவிட்டு 14, 15 இரண்டை மட்டும் கையால் எடுத்து இடம் மாற்றி வையுங்கள். இதை நகர்த்தியே சரிசெய்பவருக்கு 1000 டாலர் என்று அமெரிக்கப் புதிர் நிபுணர் சாம் லாய்ட் அறிவித்தார். புதிரைக் கண்டுபிடித்தவரும் தானே என்று சொல்லிக்கொண்டார். உண்மையில் அது நியூயார்க் மாநிலத்துக் கனஸ்டோட்டா ஊரின் அஞ்சல் அதிகாரி நோயஸ் சாப்மன் உருவாக்கியது. பரிசுப் பணத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஜான்சன், ஸ்டோரி என்ற இருவர் 1879-லேயே ஒரு அமெரிக்கக் கணித இதழில் விஷயத்தை முடித்துவிட்டார்கள்.

காரணம் இரண்டு கணக்குகளில் இருக்கிறது. முதலாவது நிறம். ஒவ்வொரு நகர்த்தலிலும் காலியிடம் பக்கத்துக் கட்டத்துக்குப் போகிறது, அதாவது நிறம் மாறுகிறது. கறுப்பில் கிளம்பிய காலியிடம் மறுபடி கறுப்பில் நிற்கிறதென்றால் நகர்த்தல்கள் இரட்டைப்படை. எத்தனை முறை தள்ளினோம் என்று எண்ணவே வேண்டாம்.

இரண்டாவது கணக்கு, கட்டைகளின் வரிசைமாற்றம். காலியிடத்தை 16-ஆம் எண் கட்டையாக நினைத்துக்கொண்டால் ஒவ்வொரு நகர்த்தலும் 16-ஐயும் பக்கத்துக் கட்டையையும் இடமாற்றுவதுதான். ஓர் அடுக்கில் முதல் கட்டத்தில் 3 இருந்தால் மூன்றாம் கட்டத்துக்குப் போய் அங்கே என்ன எண் என்று பாருங்கள். அந்த எண்ணுள்ள கட்டத்துக்குப் போங்கள். கிளம்பிய கட்டத்துக்குத் திரும்பும்வரை தொடருங்கள். இது ஒரு சங்கிலி. சரியான இடத்திலேயே இருக்கும் கட்டை தனக்குத்தானே ஒரு சங்கிலி. ஏதாவது இரண்டு கட்டைகளை இடமாற்றினால், அவை ஒரே சங்கிலியில் இருந்தால் அது இரண்டாக உடையும். வெவ்வேறு சங்கிலிகளில் இருந்தால் இரண்டும் ஒன்றாகும். எப்படிப் பார்த்தாலும் சங்கிலிகளின் எண்ணிக்கை சரியாக ஒன்று மாறும். ஆகவே 16-லிருந்து சங்கிலி எண்ணிக்கையைக் கழித்தால் வரும் விடை, ஒவ்வொரு நகர்த்தலிலும் இரட்டைக்கும் ஒற்றைக்கும் மாறி மாறிப் போகும். காலியிடத்தின் நிறமும் அப்படித்தான் மாறுகிறது. சரியான அடுக்கில் 16 சங்கிலிகள், விடை 0, காலியிடம் கறுப்பில். அங்கிருந்து இரண்டும் சேர்ந்தே மாறுவதால் இந்த ஜோடி ஒருநாளும் பிரியாது: காலியிடம் கறுப்பில் என்றால் விடை இரட்டை, வெள்ளையில் என்றால் ஒற்றை. லாய்டின் அடுக்கில் 15 சங்கிலிகள், விடை 1, காலியிடமோ கறுப்பில். கதை முடிந்தது.

கண்டபடி கலைத்து அடுக்கிய ஒன்றைப் பார்ப்போம்:

```
 3   7   1   4
 5   .   2   8
 9   6  10  12
13  14  11  15
```

முதல் கட்டத்தில் 3, மூன்றாவதில் 1: ஒரு சங்கிலி. இரண்டாவதில் 7, ஏழாவதில் 2: இன்னொன்று. ஆறாவது கட்டம் காலி, அதாவது 16. பதினாறாவதில் 15, பதினைந்தாவதில் 11, பதினொன்றாவதில் 10, பத்தாவதில் 6: ஐந்து பேர் கொண்ட சங்கிலி. மீதி ஏழு கட்டைகள் தத்தம் இடத்தில். மொத்தம் 10 சங்கிலிகள். 16-ல் 10 போக 6, இரட்டை. காலியிடம் இரண்டாம் வரிசை இரண்டாம் கட்டம், கறுப்பு. பொருந்துகிறது, இது தீரும். மேல் வரிசையில் 3-ஐயும் 7-ஐயும் மாற்றி வைத்தால் முதல் இரண்டு சங்கிலிகளும் ஒன்றாகி 9 ஆகிவிடும். விடை 7, தீராது.

இதுவரை சொன்னது, ஒரு பாதி நிச்சயம் வராது என்பதற்குத்தான். மற்றப் பாதி முழுதும் வருமா? வழக்கமாகப் புதிரைத் தீர்க்கும் முறையே இதற்குப் பதில் சொல்கிறது. மேல் இரண்டு வரிசைகளை முடித்து, கீழே 9, 13 ஜோடியையும் 10, 14 ஜோடியையும் உட்காரவைப்பது எந்த அடுக்கிலும் முடிகிற வேலை. கடைசியில் 2×2 மூலையில் 11, 12, 15 மூன்றும் ஒரு காலியிடமும் மிஞ்சும். அங்கே செய்ய முடிவது சுற்றுவது மட்டுமே. கடிகாரச் சுற்றில் 11, 12, 15 என்று வந்தால் தீர்ந்தது. 11, 15, 12 என்று வந்தால் எவ்வளவு சுற்றினாலும் அதே சுற்றுவரிசைதான். ஆக எல்லா அடுக்குகளும் இந்த இரண்டு முடிவுகளில் ஒன்றில் போய் விழுகின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று போகாதவை என்பதை மேலே பார்த்தோம். ஒவ்வொன்றிலும் 1,04,61,39,49,44,000 அடுக்குகள். மூலையில் 11, 15, 12 என்று கண்டால் உடனே நிறுத்திவிடலாம்; யாரோ கட்டையைக் கழற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

கணினியில் இந்த விளையாட்டை எழுதுபவர்கள் மாட்டிக்கொள்வது கலைக்கும் இடத்தில். எண்களைச் சும்மா குலுக்கிப் போட்டால் சராசரியாக இரண்டில் ஒன்று தீராத ஆட்டம். காலியிடத்தைக் கடைசி மூலையிலேயே வைத்துக்கொண்டால் சோதனை சுலபம். பெரிய எண் முன்னும் சிறிய எண் பின்னும் வரும் தலைகீழ் ஜோடிகளை எண்ணி, ஒற்றைப்படை என்றால் ஏதாவது இரண்டு கட்டைகளை மாற்றிவிட்டால் போதும்:

```python
import random

def kalai():
    t = list(range(1, 16))
    random.shuffle(t)
    inv = sum(t[i] > t[j] for i in range(15) for j in range(i + 1, 15))
    if inv % 2:
        t[0], t[1] = t[1], t[0]
    return t + [0]
```

பட்டியலில் 0-வைச் சேர்த்த பிறகு ஜோடிகளை எண்ணினால் அதற்கு முன்னுள்ள 15 எண்களும் தலைகீழாகக் கணக்கில் வரும். 15 ஒற்றைப்படை என்பதால் முடிவு அப்படியே புரண்டு, தீராத பாதியை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் நிரல் கையில் இருக்கும். எல்லா ஆட்டமும் கடைசி மூலையில் சிக்கினால் முதலில் இதைப் பாருங்கள். காலியிடம் வேறெங்காவது இருக்கலாம் என்றால், தலைகீழ் ஜோடிகளோடு அது மேலிருந்து எத்தனையாவது வரிசை என்பதையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை இரட்டையாக வர வேண்டும். கட்டை மேலும் கீழும் நகரும்போது மூன்று எண்களைத் தாண்டுவதுதான் காரணம். எட்டுக் கட்டை 3×3 புதிரில் இரண்டைத்தான் தாண்டும், அங்கே வரிசையைக் கூட்டவே கூடாது. இந்த வாய்பாட்டை அப்படியே தூக்கி அங்கே போடுவது பரவலாகக் காணும் தவறு.

லாய்டின் அடுக்கில் ஒரு வேடிக்கை உண்டு. காலியிடம் முதல் மூலையில், பிறகு 1 முதல் 15 வரை வரிசையாக என்று இலக்கை மாற்றிக்கொண்டால் அது தீரும். அந்த அடுக்கு 16 பேரும் சேர்ந்த ஒரே சங்கிலி, விடை 15, மூலையோ கறுப்பு. அதனால் அது சரியான அடுக்கிலிருந்து எட்ட முடியாத பாதியில், லாய்டின் பக்கத்திலேயே இருக்கிறது.

எண்ணுக்குப் பதில் படமோ எழுத்தோ ஒட்டினால், ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு கட்டைகள் அமைந்தாலே இந்தத் தடை மறைந்துவிடும். வெறும் நீல வானமாக இரண்டு கட்டைகள் இருந்தால், 14-15 மாதிரி சிக்கும்போது அந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று மாறிய இடத்தில் உட்காரவைத்தால் மீதியெல்லாம் சரியாகும். கடைசி மூலையில் சிக்கிய படப் புதிரைக் கலைத்து, வானத்துக் கட்டைகளை இடம் மாற்றி மறுபடி அடுக்கிப் பாருங்கள்.