இருபது ரூபாய்த் தக்காளி முப்பது ரூபாயான கதை

பழனியில் காய்கறிக் கடை போட்ட புதிதில் எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. வியாபாரம் நன்றாக நடக்கும், சாயங்காலம் கல்லாவில் காசும் இருக்கும். ஆனால் மறுநாள் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கிளம்பும்போது கையில் பணம் பத்தாது. எங்கே போகிறது என்று பார்க்க, ஒரு லோடு தக்காளியை மட்டும் கடைசிப் பழம் தீரும்வரை நோட்டில் எழுதிவைத்தேன்.

அன்றைக்கு வாங்கியது 10 பெட்டி. பெட்டிக்கு 14 கிலோ என்று பேச்சு, ஏலத்தில் 280 ரூபாய்க்குப் படிந்தது. அதாவது கிலோ 20 ரூபாய். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி சேர்த்து 100. குட்டியானை வாடகையில் தக்காளியின் பங்கு 400. மொத்தம் 3,300 ரூபாய். இதை 140 கிலோவால் வகுத்தால் கிலோ 23 ரூபாய் 57 காசு. கழிவுக்கு பத்து சதவீதம் கூட்டி, 26 அடக்கம் என்று வைத்து, 28-க்கு விற்றேன். கிலோவுக்கு இரண்டு ரூபாய் நிற்கும் என்று நம்பிக்கை.

கடையில் இறக்கி எடை போட்டபோதே 136 கிலோதான் இருந்தது. சந்தையில் பெட்டியைக் கண் அளவில்தான் நிரப்புகிறார்கள். ஒரு பெட்டியைக் கவிழ்த்தேன். மேலே இரண்டு வரிசை கல் மாதிரி செங்காய். அடியில் இருந்ததெல்லாம் தோல் வெடித்து, விதையும் சாறுமாக ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது. இப்போதெல்லாம் பெட்டியைத் தூக்கி அடிப்பக்கத் துளைகளில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுகிறேன். கை பிசுபிசுத்தால் அந்தப் பெட்டி வேண்டாம்.

அழுகலை அதுவரை எடை போட்டதே இல்லை. பக்கத்துத் தெரு மாட்டுக்காரர் வந்தால் அப்படியே வாளியோடு கொட்டிவிடுவேன். இந்த முறை வாளியைத் தராசில் வைத்துவிட்டுத்தான் கொடுத்தேன். இறக்கியபோது 5 கிலோ, அடுத்த மூன்று நாளில் 7 கிலோ போனது. மிச்சம் 124. அதிலும் 20 கிலோ கொழகொழத்துப்போய், சட்னிக்கு ஆகும் என்று ஒரு மெஸ்காரர் கிலோ 12-க்கு எடுத்துக்கொண்டார். அது 240 ரூபாய். முழு விலைக்கு விற்க நின்றது 104 கிலோ. அதில் தராசு முள் சற்றுத் தாழ ஒரு பழம் கூடப் போட்டதிலேயே 2 கிலோ கரைந்தது.

ஆக, மெஸ்காரர் கொடுத்ததைக் கழித்தால் 3,060 ரூபாயை 102 கிலோ சுமக்கவேண்டும். கிலோவுக்குச் சரியாக 30 ரூபாய். நான் விற்றது 28-க்கு! கடை வாடகையும் என் கூலியும் சேர்க்காமலே 204 ரூபாய் நஷ்டம்.

கழிவை நான் குறைத்து மதிப்பிட்டது ஒரு தப்பு. இன்னொரு தப்பு, அதை விலையோடு கூட்டியது. 100 கிலோவில் 20 கிலோ போனால் மிச்சமுள்ள 80 கிலோதான் மொத்தச் செலவையும் தாங்கவேண்டும். அப்போது அடக்கம் ஏறுவது 20 சதவீதம் இல்லை, 25. கழிவு கூடக்கூட இந்த வித்தியாசமும் விரியும். எங்கள் கடைவீதியில் பாதிப் பேர் இன்னமும் கூட்டித்தான் போடுகிறார்கள்.

விலை மாறும்போது கணக்கின் முகமும் மாறும். வரத்து அதிகமாகி பெட்டி 100 ரூபாய்க்கு இறங்கினாலும் வண்டிக்காரர் வாடகையைக் குறைக்கமாட்டார், கூலியும் அதேதான். மலிந்த நாளில் மெஸ்காரர் கொழகொழத்ததைச் சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டார். அப்போது 1,500 ரூபாயை 102-ஆல் வகுத்தால் கிலோ 15-க்குக் கொஞ்சம் குறைவு. அந்தச் சமயத்தில்தான் ஓர் அம்மா வந்து, "ஏந்தம்பி, சந்தையில கிலோ ஏழு ரூபான்னு டிவியில சொல்றான், நீ பதினெட்டு சொல்ற?" என்பார். வண்டி வாடகையைச் சொன்னால் ஒத்துக்கொள்வார். மாட்டுக்குப் போனதைச் சொன்னால் நம்பமாட்டார்.

பெட்டி 700-க்கு ஏறிவிட்டால் நிலைமை தலைகீழ். வாடகை கண்ணுக்கே தெரியாது. வாளியில் விழும் ஒவ்வொரு கிலோவும் ஐம்பது ரூபாய்க்கு மேல். அந்த நாட்களில் பழுத்ததைத் தொடாமல் செங்காயாகப் பார்த்து, 10 பெட்டிக்குப் பதில் 4 பெட்டி மட்டும் எடுக்கிறேன். வாடகைப் பங்கு கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடத்தான் விழுகிறது. ஆனால் இரண்டே நாளில் விற்றுத் தீர்ந்துவிடுகிறது.

மாட்டுக்காரருக்குத்தான் வருத்தம். "என்னண்ணே, வாளி காலியாவே இருக்கு?" என்று கேட்டுவிட்டு, முட்டைக்கோஸ் தழையை அள்ளிக்கொண்டு போகிறார்.