பழைய ஷவர், புது ஷவர், மறுபடி பழைய ஷவர்: வாளிக் கணக்கில் மூன்று வாரம்

புது ஷவர் 20 சதவீதம் தண்ணீர் மிச்சம் பிடிக்கிறது என்று போன மாதம் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தேன். அந்தக் கணக்கு தப்பு. உண்மையில் மிச்சமாவது 4 சதவீதம்தான். எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாளி. 20 லிட்டர் வாளியின் உள்பக்கம் 10 என்று கோடு போட்டிருக்கிறதே, அதை நம்பித்தான் ஆரம்பித்தேன். அந்தக் கோடு வரைக்கும் நிரப்பி, பெட்டி தூக்கிப் பார்க்கும் லக்கேஜ் தராசில் மாட்டினால், வாளியின் எடை போக 9.4 கிலோதான் வந்தது. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ, அதனால் அந்த 10 லிட்டர் கோடு உண்மையில் 9.4 லிட்டர். அன்றோடு அந்தக் கோட்டை நம்புவதை நிறுத்திவிட்டேன். இப்போது செய்வது தலைகீழ்: சரியாக 60 விநாடி பிடிக்கிறேன், எடை போடுகிறேன், வந்த கிலோவே நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்ற விடை. வகுத்தல் பெருக்கல் எதுவும் வேண்டாம். தராசு பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கியது, 10 கிராம் வரை காட்டும். மக்கில் அளப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு லிட்டர் மக்கு எட்டு விநாடியில் நிரம்பிவிடும், கை அரை விநாடி தாமதித்தாலே 6 சதவீதம் போச்சு. ஒரு நிமிடம் பிடித்தால் அதே அரை விநாடி ஒரு சதவீதத்துக்கும் கீழே.

ஷவரில் இன்னொரு தொல்லை, தண்ணீர் நாலாபக்கமும் சிதறும். பெரிய குப்பைப் பையின் அடியை வெட்டிவிட்டு, மேல் வாயை ஷவர் தலைக்கு மேலே உள்ள குழாயில் ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டினேன். கீழ் வாய் ஒரு சாதாரண வாளியில் தொங்கும். வால்வை முழுக்கத் திறந்து ஓடவிட்டு, ஓட்டம் நிலையான பிறகு பையின் வாயை எடை போடும் வாளிக்கு மாற்றும் கணத்தில் ஸ்டாப்வாட்ச், 60 ஆனதும் திரும்பப் பழைய வாளிக்கு. வால்வைத் திறப்பதையும் மூடுவதையும் வைத்து நேரம் எடுத்தால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும், ஏனென்றால் மூடிய பிறகும் ஷவர் தலையில் நிற்கிற தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். (பிடித்த தண்ணீர் எல்லாம் துணி ஊறவைக்கப் போனது, அம்மா கண்காணிப்பில்.)

சரி, இப்போது பிசகு. பழைய ஷவரைக் காலை ஆறரை மணிக்கு அளந்தேன், 8.6 லிட்டர். அன்று கடைக்குப் போய்ப் புதுசு வாங்கி மாட்டிச் சாயங்காலம் அளந்தேன், 6.9. வித்தியாசம் 20 சதவீதம், சந்தோஷமாகக் குழுவில் போட்டேன். மறுநாள் காலை அதே புது ஷவர் 8.2 காட்டியது. தராசைச் சந்தேகப்பட்டேன், பையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேன், வால்வைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் மொட்டை மாடிக்கு ஏறி டேங்க் மூடியைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது. காலை ஐந்து மணிக்கு மோட்டார் ஓடி டேங்க் நிரம்பியிருக்கும், சாயங்காலம் அடியில் ஒரு சாணுக்குச் சற்று மேல் தண்ணீர்தான் கிடக்கும்.

எங்கள் வீடு மேல் மாடி. ஷவர் தலையிலிருந்து டேங்கின் அடி வரை உயரம் 2.4 மீட்டர், டேங்க் நிரம்பினால் அதன்மேல் 1.5 மீட்டர் தண்ணீர். ஆக, காலையில் 3.9 மீட்டர் உயரத்தின் அழுத்தம், சாயங்காலம் சுமார் 2.7. ஓட்டம் உயரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் மாறும், 3.9-ஐ 2.7-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.2. ஷவரை மாற்றவே வேண்டாம், டேங்க் காலியாவதே அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதியைத் தந்துவிடும். கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கு இது அவ்வளவு உறைக்காது, பத்துப் பன்னிரண்டு மீட்டரில் ஒரு மீட்டர் குறைந்தால் என்ன. மேல் மாடிக்காரர்களுக்குத்தான் இந்தப் பாடு.

திருத்துவதற்கு முதலில் எடுத்த வழியும் சரிப்படவில்லை. ஒவ்வொரு முறையும் கூடவே வாஷ்பேசின் குழாயையும் அளந்து, அதை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் வாஷ்பேசின் ஷவரைவிட ஒரு மீட்டருக்கு மேல் தாழ்வு, அதன் உயரம் 5.1-இலிருந்து 3.9-க்குத்தான் இறங்குகிறது, ஷவரில் ஓட்டம் 17 சதவீதம் குறையும்போது இதில் 13 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. ஷவருக்கு ஷவர்தான் துணை. இப்போது பழையதை அளந்து, புதியதை மாட்டி அளந்து, உடனே பழையதைத் திரும்ப மாட்டி அளக்கிறேன், மூன்றும் அரை மணிக்குள். இரண்டு பழைய எண்களும் ஒட்டி வந்தால்தான் நடுவில் இருப்பதை ஏற்றுக்கொள்வது. மதியம் இரண்டு மணிக்குச் செய்கிறேன், ஏனென்றால் டேங்கிலிருந்து எங்களுக்கு இறங்கும் குழாயில் நாலு வீடு இருக்கிறது, பக்கத்தில் யாராவது வாளி பிடித்தால் நம் ஓட்டம் சட்டென்று இறங்குகிறது. டேங்க் பாதிக்குக் கீழே இருந்த ஒரு மதியம் வந்த எண்கள்: பழையது 7.2, புதியது 6.9, மறுபடி பழையது 7.2. அதுதான் அந்த 4 சதவீதம்.

குழாய் முனையில் மாட்டி ஓட்டத்தைக் குறைக்கும் ஏரேட்டரையும் இதே முறையில் வாஷ்பேசினில் அளந்தாச்சு. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது பெங்களூரு குடிநீர் வாரியம் அபார்ட்மெண்ட்களுக்கும் கடைகளுக்கும் ஏரேட்டர் கட்டாயம் என்று சொன்னபோது வாங்கி, அலமாரியில் கிடந்தது. மேலே 3 லிட்டர் என்று போட்டிருக்கிறது. வெறும் குழாய் 7.4, ஏரேட்டர் போட்டால் 2.3, கழற்றினால் மறுபடி 7.4. மூன்று போட்டிருக்க ஏன் 2.3? உள்ளே ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது. அழுத்தம் கூடினால் அது நசுங்கி வழியை அடைக்கும், குறைந்தால் விரிந்துகொள்ளும், அப்படித்தான் ஓட்டம் ஒரே அளவில் நிற்கிறது. ஆனால் அந்த வேலை செய்வதற்கே ஓரளவு அழுத்தம் வேண்டும், எங்கள் மாடியில் இருப்பது அரை பார். வேண்டிய அழுத்தம் இல்லாவிட்டால் அது வெறும் சின்ன ஓட்டை, அவ்வளவுதான். கீழ்த்தளத்து அக்கா வீட்டில் அதே ஏரேட்டரை மாட்டிப் பார்த்தேன், 2.9 வந்தது. "எங்க வீட்டுல மட்டும் எப்படிப்பா சரியா வருது" என்று கேட்டார், டேங்க் கதையை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

குளியலறையில் வாளி நிரப்பும் குழாய்க்கு ஏரேட்டர் போடவே இல்லை. 15 லிட்டர் வாளி எப்படி நிரப்பினாலும் 15 லிட்டர்தான், காத்திருக்கும் நேரம்தான் கூடும். கை கழுவும் குழாய்க்குத்தான் அர்த்தம்.

மரை விஷயத்தில் ஒரு குறிப்பு: குழாய்முனையில் உள்மரை என்றால் பெரும்பாலும் 24 மில்லிமீட்டர் ஏரேட்டர், வெளிமரை என்றால் 22. அல்சூரில் நான் வாங்கும் கடைக்காரர் பழையதைக் கொண்டுவரச் சொல்லி, பொருத்திப் பார்த்துத்தான் தருவார், வாஷரும் சேர்த்து. வாஷர் இல்லாமல் இறுக்கினால் பக்கத்தில் கசியும், கசிவது வாளியில் விழாது, ஓட்டம் குறைந்ததாகத் தோன்றும்.

சமையலறைக் குழாய் பாக்கி. அதன் மரை இரண்டு அளவிலும் சேரவில்லை, முனையில் போர்வெல் தண்ணீரின் வெள்ளை உப்பு கெட்டியாகப் பிடித்திருக்கிறது. இப்போது வினிகர் நிரப்பிய பாலித்தீன் பையைக் குழாய் மூக்கில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், நாளைக் காலை அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.