ஸ்லாக்கில் அழித்த செய்தியை யார் எடுக்கலாம்? நிலாவெளி விடுதி ஒன்றில் சரிபார்த்த விதம்

நிலாவெளியில் 22 பேர் வேலை செய்யும் கடற்கரை விடுதி. முன்பதிவு, அறை ஒழுங்கு, சமையலறைக் கொள்வனவு எல்லாம் ஸ்லாக்கில்தான் நடக்கின்றன, காசு கட்டும் திட்டம் ப்ரோ. பருவகாலத்தின் நடுவில், ஒரு குழுவுக்குச் சொன்ன அறை விலையில் தகராறு வந்தது. விலையை எழுதிய செய்தி முன்பதிவுச் சனலில் இருந்ததைப் பலர் பார்த்திருந்தார்கள். இப்போது அது அங்கே இல்லை. முகாமையாளர் கேட்டவை இரண்டு. அழித்த செய்தியைத் திரும்ப எடுக்க முடியுமா என்பது முதலாவது. மற்றது, "தம்பி, அந்த ரெண்டு பேரும் தனிய எழுதினதையும் சேர்த்து எடுத்துத் தாங்கோவன்."

இரண்டுக்கும் விடை "முடியாது" என்றுதான் வந்தது. ஆனால் காரணங்கள் வேறு வேறு. முதலாவதைத் தடுத்தது ஒரு அமைப்பு, அதாவது ஸ்லாக்கின் செட்டிங் ஒன்று. இரண்டாவதைத் தடுத்தது விடுதி காசு கட்டும் திட்டத்தின் எல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் எந்த அமைப்பையும் தொடக் கூடாது.

முதலில் பார்க்க வேண்டியது செய்திகளை வைத்திருக்கும் காலத்துக்கான அமைப்பு. அதை மாற்றக்கூடியவர் பணிவெளியின் உரிமையாளர், அதாவது Workspace Owner. பொதுச் சனல், தனிச் சனல், நேரடிச் செய்தி ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாகத் தெரிவு இருக்கிறது. தெரிவுகளைச் சுருக்கினால் மூன்று: எல்லாச் செய்திகளையும் அவற்றின் திருத்த, அழிப்புப் பதிவுகளோடு வைத்திருப்பது, செய்திகளை மட்டும் வைத்திருந்து பழைய வடிவங்களை விட்டுவிடுவது, குறித்த நாட்களுக்குப் பிறகு எல்லாவற்றையும் அழிப்பது.

முதலாவதும் இரண்டாவதும் வாசிக்க ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டிலும் "எல்லாச் செய்திகளும்" என்ற சொல் வருகிறதே என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். இந்த விடுதியில் இருந்தது இரண்டாவது. அதன்படி, யாரும் அழிக்காத செய்தி எத்தனை வருடமானாலும் இருக்கும். ஒருவர் தன் செய்தியைத் தானே அழித்தால் அதன் பழைய வடிவம் எங்கேயும் வைக்கப்படாது. 1,000 ரூபாயை 10,000 என்று திருத்தினாலும் முந்திய எண் போய்விடும். செய்திக்குப் பக்கத்தில் திருத்தப்பட்டது என்ற அடையாளம் மட்டும் மிஞ்சும். இப்போது முதலாவது தெரிவுக்கு மாறினாலும் அது இனிமேல் அழிக்கப்படுபவற்றுக்குத்தான் உதவும். போன வாரம் அழிந்தது திரும்பி வராது. விலைச் செய்தி அங்கேயே முடிந்தது.

ஆனால் அழித்த செய்திக்கு ஸ்லாக்குக்கு வெளியே பிரதி இருக்கலாம். ஒருவர் ஸ்லாக்கைத் திறக்காமல் இருக்கும்போது அவருடைய பெயரைக் குறித்து எழுதினாலோ நேரடியாகச் செய்தி அனுப்பினாலோ, அவருக்கு மின்னஞ்சலில் அறிவிப்புப் போகும் வழி இருக்கிறது. செய்தியை அழித்தால் அந்த மின்னஞ்சல் அழியாது. சனலில் வேறு செயலி இணைந்திருந்து, செய்தி வந்தவுடன் அதைத் தன் பக்கம் எழுதிக்கொண்டிருந்தால் அந்தப் பிரதியும் இருக்கும். இந்த விடுதியில் வரவேற்பு மேசையின் பொது மின்னஞ்சலில் அந்த அறிவிப்பு கிடைத்தது, விலையோடு. ஆகவே "முடியாது" என்று சொல்லுமுன் மின்னஞ்சல் பெட்டிகளையும் இணைக்கப்பட்ட செயலிகளின் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இனி எக்ஸ்போர்ட், அதாவது செய்திகளை மொத்தமாகக் கோப்பாக வெளியே எடுப்பது. ப்ரோ திட்டத்தில் உரிமையாளரும் நிர்வாகியும் தாமாக எடுக்கக்கூடியது பொதுச் சனல்களை மட்டுமே. முகவரி `my.slack.com/services/export`. நாள் எல்லையைத் தெரிவுசெய்து தொடங்கினால், தயாரானதும் மின்னஞ்சல் வரும். ZIP கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். தனிச் சனலும் நேரடிச் செய்தியும் அதற்குள் இருக்கமாட்டா. இந்தத் திட்டத்தில் அவற்றைப் பெறுவதற்கு ஸ்லாக் நிறுவனத்திடம் விண்ணப்பித்து, நீதிமன்ற நடவடிக்கை, சம்பந்தப்பட்டவர்களின் சம்மதம் போன்ற காரணத்தைக் காட்ட வேண்டும். முகாமையாளரின் விருப்பம் அந்தப் பட்டியலில் இல்லை.

பிஸ்னஸ் பிளஸ் திட்டத்தில் நிலைமை வேறு. அங்கே உரிமையாளர் விண்ணப்பித்து அனுமதி கிடைத்துவிட்டால், எல்லா உரையாடல்களையும் எடுக்கும் கருவி திறக்கும். அன்றுவரை அழியாமல் இருக்கும் பழைய நேரடிச் செய்திகளும் அதற்குள் வரும். பணியாளர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும். "ப்ரோவில் இருக்கும்போது எழுதினேன், ஆகவே யாராலும் எடுக்க முடியாது" என்பது திட்டம் மாறும் நாள்வரைக்கும்தான் சரி. தன் பணிவெளியில் எது நடப்பில் இருக்கிறது என்பதைச் சாதாரண உறுப்பினரும் பார்க்கலாம்: `my.slack.com/account/workspace-settings` என்ற பக்கத்தில் வைத்திருக்கும் காலமும் எக்ஸ்போர்ட் வகையும் எழுதியிருக்கும். நிர்வாகியிடம் போய்க் கேட்கத் தேவையில்லை.

விடுதிக்கு நாங்கள் போட்டுக்கொடுத்த அமைப்பு இது. பொதுச் சனல்களில் எல்லாமும், அழிப்புப் பதிவுகள் உட்பட, இருக்கும். நேரடிச் செய்திகள் 365 நாட்களில் அழியும். கோப்புகளுக்குத் தனியாகக் காலம் வைக்கலாம். அதை 90 நாட்கள் ஆக்கினோம். விருந்தினரின் கடவுச்சீட்டுப் படங்களை வரவேற்பு மேசையிலிருந்து சனலில் போடும் பழக்கம் இருந்ததுதான் காரணம். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவைக்கு மேல் தனிப்பட்ட தரவை வைத்திருக்கக் கூடாது என்ற கடப்பாட்டைச் சொல்கிறது. ஊருக்குத் திரும்பிப் போய்விட்ட ஒருவரின் கடவுச்சீட்டுப் படத்தை வருடக்கணக்கில் சனலில் வைத்திருக்க நியாயமே இல்லை.

நாட்களைக் குறைக்கும் மாற்றத்தைச் சேமிக்குமுன் நிற்க வேண்டும். புதிய எல்லையைவிடப் பழையவை எல்லாம் அழிந்துபோகும்; திரும்பப் பெற வழியில்லை. கணக்காளருக்குத் தேவையான பற்றுச்சீட்டுகளை முதலில் வேறிடத்தில் எடுத்து வைத்த பிறகுதான் 90 என்று எழுதினோம். எக்ஸ்போர்ட் எடுத்திருக்கிறோமே என்று ஆறுதல்படவும் கூடாது. அந்த ZIP கோப்புக்குள் படமோ பிடிஎஃப்போ இருக்காது. அவற்றுக்கான இணைப்பு மட்டுமே இருக்கும். கோப்பு அழிந்தால் இணைப்பும் செத்துவிடும்.

அமைப்பை மாற்றியபின் அதை நம்பாமல் சோதிக்க வேண்டும். ஒரு பொதுச் சனலில் "மாதிரி ஒன்று" என்று எழுதி, இரண்டு நிமிடம் விட்டு அழிக்கவும். "மாதிரி இரண்டு" என்று எழுதி "மாதிரி மூன்று" எனத் திருத்தவும். அடுத்த நாள் அந்த நாட்களுக்கு மட்டும் எக்ஸ்போர்ட் எடுக்கவும். விரித்தால் ஒவ்வொரு சனலுக்கும் ஒரு கோப்புறை, அதற்குள் நாளுக்கு ஒன்றாக JSON கோப்புகள் இருக்கும். பதிவு நடந்திருந்தால் அழித்த வாசகமும் திருத்துமுன் இருந்த வாசகமும் அவற்றுள் கிடைக்கும். ஸ்லாக்கின் திரையில் இவை யாருக்கும் தெரியா, உரிமையாளருக்கும்கூட. எக்ஸ்போர்ட் எடுத்தால்தான் உண்டு.

தமிழில் வேலை செய்யும் இடங்கள் வழுக்கி விழுவது இங்கேதான். கோப்பைத் திறந்து "மாதிரி" என்று தேடினால் ஒன்றுமே வராது. தமிழ் எழுத்துகள் அங்கே `\u0bae\u0bbe` என்ற குறியீடுகளாகச் சேமிக்கப்பட்டிருக்கும். தேடியவர் "செய்தி இல்லை, பதிவு வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டிவிடுவார். தகராறு நடக்கும் நேரத்தில் அந்தத் தவறான முடிவு ஒருவருடைய வேலையைக்கூடப் பறித்துவிடும். `jq` என்ற சிறு கருவி குறியீடுகளை எழுத்துகளாக்கிவிடும். அதன் பிறகு தேட வேண்டும்:

```
find . -name '*.json' -exec jq . {} + | grep -B8 -A8 "மாதிரி"
```

எண் 8 என்பது வாசகத்துக்கு மேலும் கீழும் எத்தனை வரி காட்ட வேண்டும் என்பது. யார் எழுதியது என்பது அந்த வரிகளுக்குள் `U` என்ற எழுத்தில் தொடங்கும் அடையாளமாக இருக்கும்; அது யாருடையது என்று `users.json` கோப்பில் பார்க்கலாம்.

நேரத்திலும் கவனம் வேண்டும். `ts` என்ற இடத்திலுள்ள எண் உலகப் பொது நேரப்படி எண்ணிய வினாடிகள். இலங்கை நேரம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். லினக்ஸ் கணினியில் இப்படிக் கேட்டால் நேரே நம் நேரம் வரும்:

```
TZ=Asia/Colombo date -d @1717400000
```

இந்த எண்ணுக்கு விடை 2024 ஜூன் 3, பிற்பகல் 1.03. மாற்றாமல் வாசித்தால் காலை 7.33. விலையைச் சொன்னது விருந்தினர் வருமுன்னா, வந்த பின்னா என்ற தகராறில் இந்த வித்தியாசம் போதும் ஆளையே மாற்றிப் பிடிக்க.

முன்பதிவுச் சனலில் செய்தியை அழிக்கும் உரிமையையே எடுத்துவிடலாமே என்று முகாமையாளர் கேட்டார். எடுக்கலாம். ஆனால் அது பணிவெளி முழுவதற்கும் பொருந்தும் அமைப்பு; ஒரு சனலுக்கு மட்டும் போட முடியாது. தவறுதலாக ஒரு விருந்தினரின் கைபேசி எண்ணைப் போட்ட பணியாளர், அதை அழிக்க நிர்வாகியைத் தேடி ஓட வேண்டிவரும். அழிக்க விட்டு, அழித்ததைப் பதிவில் வைப்பதே இந்த இடத்துக்கு நல்லது என்பது எங்கள் கருத்து.

அப்படிப் பதிவு வைப்பதானால், பணியாளருக்கு அதைச் சொல்லாமல் தொடங்கக் கூடாது. அழித்துவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருப்பவரின் சொல்லை அவருக்குத் தெரியாமல் சேர்ப்பது நேர்மையல்ல. விடுதியின் பொதுச் சனலில் பொருத்தி வைத்த அறிவிப்பு இது:

"பொதுச் சனல்களில் நீங்கள் அழிக்கும், திருத்தும் செய்திகளின் பழைய வடிவம் சேமிக்கப்படுகிறது. அதை எக்ஸ்போர்ட் மூலம் எடுக்கக்கூடியவர்கள் உரிமையாளரும் இரண்டு நிர்வாகிகளும். எடுப்பதானால் காரணமும் நாளும் எழுதி வைக்கப்படும். நேரடிச் செய்திகள் 365 நாட்களில் அழியும்; இப்போதைய திட்டத்தில் விடுதி அவற்றைத் தானாக எடுக்க முடியாது. திட்டம் மாறுவதானால் 14 நாட்களுக்கு முன் இங்கே அறிவிக்கப்படும். விருந்தினரின் கடவுச்சீட்டுப் படங்களைச் சனலில் போட வேண்டாம்."