மைதா இல்லாத கேக்: செய்முறைத் தேர்வில் முட்டைக் கணக்கை எப்படிச் சொல்வது

சென்னையில் பேக்கரி டிப்ளமோ படிப்பவர்களுக்குச் செய்முறைத் தேர்வில் க்ளூட்டன் இல்லாத கேக் வந்தால், கேக்கை விடக் கேள்வி பதில்தான் மார்க்கைத் தீர்மானிக்கும். கேக் ஓரளவு உப்பி வந்துவிடும். ஆனால் வெளித் தேர்வாளர் ஒரு துண்டை வெட்டி, உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, "எத்தனை முட்டை அதிகம் போட்டீங்க? ஏன் அத்தனை?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்கு முழுசாகப் பதில் சொல்லத் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகவே அதிலிருந்து வரும். எனக்கும் அதே கேள்விதான் வந்தது. அதனால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் காரணம். மைதாவில் தண்ணீர் பட்டுக் கலக்கியதும் அதிலுள்ள இரண்டு புரதங்கள், க்ளையடினும் க்ளூட்டெனினும், சேர்ந்து க்ளூட்டன் என்ற இழுபடும் வலையாகிவிடும். பேக்கிங் பவுடரிலிருந்து வரும் வாயுவும், வெண்ணெய் அடிக்கும்போது புகுந்த காற்றும் அந்த வலையில் தங்கும். அரிசி மாவில் புரதம் இருந்தாலும் அது இப்படி வலை பின்னாது. நம் வீட்டிலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. வெறும் அரிசியை அரைத்து இட்லி ஊற்றினால் கட்டையாகத்தான் வரும், வாயுவைப் பிடித்து வைக்கும் வேலையை உளுந்து செய்கிறது. கேக்கில் அந்த இடத்தில் முட்டை நிற்கிறது.

முட்டை இதை இரண்டு கட்டமாகச் செய்கிறது, இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். கேக் பேக்கிங் அவனுக்குப் போகும் முன்பு, மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின் வெண்ணெயையும் பாலையும் பிரியாமல் பிடித்து மாவுக் கலவையைக் கெட்டியாக வைக்கிறது. அரிசி மாவுக் கலவை இயல்பாகவே நீர்த்திருக்கும். கெட்டி இல்லாவிட்டால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மேலே ஓடிவிடும், மாவு அடியில் தங்கிவிடும். அவனுக்குள் போன பிறகு முட்டைப் புரதம் சூட்டில் இறுகுகிறது. வெறும் வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டியதுமே இறுகத் தொடங்கி 80 டிகிரிக்கு மேல் உறுதியாகும். சர்க்கரை நிறைந்த கேக் மாவில் இது இன்னும் மேலே தள்ளிப்போகும். மாவுச்சத்து வெந்து பருப்பதும் அப்படித்தான் தாமதமாகும். குமிழி விரிந்து முடிக்கும் நேரமும் அதன் சுவர் இறுகும் நேரமும் ஒத்துவர வேண்டும். சுவர் இறுகத் தாமதமானால் வாயு வெளியேறி, நடுப்பகுதி பள்ளமாகிவிடும்.

இனி எத்தனை என்ற கணக்கு. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மைதாவில் சுமார் 10 சதவீதம் புரதம், 150 கிராமில் 15 கிராம் போய்விட்டது, ஒரு முட்டையில் ஐந்தரை கிராம் புரதம், ஆகவே கிட்டத்தட்ட மூன்று முட்டை கூடுதல் என்று கணக்குப் போடுவார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் தவறு. கேக்கில் சர்க்கரையும் கொழுப்பும் க்ளூட்டனை முழுசாக வளர விடுவதே இல்லை. நாமும் அதிகம் கலக்காமல் பார்த்துக்கொள்கிறோம். மைதா கேக்கிலேயே கட்டுமானத்தின் பெரும்பகுதி மாவுச்சத்தும் முட்டையும் தருவதுதான். ஆக, இழந்தது சின்னப் பங்கு, திருப்பித் தர வேண்டியதும் சின்னப் பங்கு. ரொட்டி என்றால் இந்த வாதம் செல்லாது, அங்கே க்ளூட்டன்தான் எல்லாமே. இந்த வித்தியாசத்தைச் சொன்னதும் தேர்வாளர் முகம் மாறும், பாருங்கள்.

சரியான வழி, முட்டையை எண்ணாமல் எடை பார்ப்பது. கடையில் வாங்கும் நாமக்கல் முட்டை ஓடு நீங்க சுமார் 45 கிராம் இருக்கும். வெளிநாட்டுச் செய்முறைகளில் வரும் பெரிய முட்டை ஓடு நீங்க 50 கிராம். நான்கு முட்டைச் செய்முறையில் அந்த 5 கிராம் வித்தியாசம் அரை முட்டைக்குக் கிட்ட வந்துவிடும். அதனால் உடைத்து, தராசில் வைத்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு சாதாரண வெண்ணெய் கேக்கை எடுத்துக்கொள்வோம். மைதா 150 கிராம், வெண்ணெய் 100, சர்க்கரை 140, முட்டை இரண்டு, அதாவது 90 கிராம், பால் 90 மில்லி, பேக்கிங் பவுடர் 6 கிராம். மாவோடு ஒப்பிட்டால் முட்டை 0.6 பங்கு. இதை க்ளூட்டன் இல்லாததாக மாற்ற, மைதாவுக்குப் பதில் 100 கிராம் பச்சரிசி மாவும் 50 கிராம் கார்ன்ஃப்ளாரும் போடுகிறோம். முட்டையை 0.9 பங்குக்கு ஏற்றினால் 135 கிராம், அதாவது மூன்று முட்டை. கூடுதல் ஒன்றுதான். வெண்ணெய் கேக்குக்கு நான் கைக்கொள்ளும் எல்லை இது: முட்டை எடை மாவு எடையில் 0.9-லிருந்து 1 பங்குக்குள் இருக்கட்டும், அதைத் தாண்ட வேண்டாம்.

முட்டையை ஏற்றியவர்கள் பாலைக் குறைக்க மறந்துவிடுகிறார்கள். முட்டையில் முக்கால்வாசி தண்ணீர். 45 கிராம் முட்டை சேர்த்தால் சுமார் 34 மில்லி தண்ணீரும் உள்ளே போகிறது. அதனால் பாலை 35 மில்லி குறைத்து 55 ஆக்குங்கள். இது பச்சரிசி மாவுக்கு. கடையில் விற்கும் வறுத்த இடியாப்ப மாவு இன்னும் அதிகம் தண்ணீர் இழுக்கும். அதைப் பயன்படுத்தினால் 20 மில்லி மட்டும் குறைத்தால் போதும். எந்த மாவானாலும், வெண்ணெய்-முட்டைக் கலவையில் மாவும் பாலும் சேர்ந்ததும் இருபது நிமிடம் ஊற விட்டு, கடைசியில் பேக்கிங் பவுடரைச் சலித்துக் கலக்குங்கள். ஊறாத அரிசி மாவு நாக்கில் நறநறவென்று நிற்கும், அதை எத்தனை முட்டை போட்டாலும் மறைக்க முடியாது.

மூன்றாவது முட்டையை எப்படிச் சேர்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். 100 கிராம் வெண்ணெயில் 135 கிராம் முட்டையை ஊற்றினால், கடைசி முட்டையின்போது கலவை திரிந்தது போல் ஆகும். சென்னை வெயிலில் சமையல் கூடம் 32, 33 டிகிரிக்குப் போகும்போது வெண்ணெய் உருகும் நிலைக்கு வந்துவிடும், அப்போது அடித்தாலும் காற்று நிற்காது. வெண்ணெயை விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரல் பளபளவென்று எண்ணெயாகக் கூடாது. அப்படி ஆகிவிட்டால் பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் சற்று நேரம் வைத்துப் பிறகு அடியுங்கள். முட்டையை ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்து ஊற்றுவதும் திரிவதற்குக் காரணம். முட்டைகளை ஒவ்வொன்றாகவே ஊற்றி அடிக்க வேண்டும். திரிகிற அறிகுறி தெரிந்தால் ஒரு மேசைக்கரண்டி மாவைத் தூவி அடியுங்கள், சேர்ந்துகொள்ளும்.

எனக்குப் பிடித்த வழி வேறு. மூன்றாவது முட்டையின் மஞ்சள் கருவை மற்ற இரண்டோடு ஊற்றிவிட்டு, வெள்ளைக்கருவை மட்டும் தனியாக, நுனி மெதுவாக மடியும் அளவுக்கு அடித்து, பேக்கிங் பவுடர் போட்ட பிறகு கடைசியில் மடித்துச் சேர்ப்பேன். அரிசி மாவின் கனத்துக்கு அந்த நுரை நல்ல ஈடு. கரண்டியை அடியிலிருந்து மேலே கொண்டுவந்து மடிக்க வேண்டும். வட்டமாகக் கலக்கினால் நுரை அமுங்கிவிடும். ஏழு அங்குல டின்னில், 170 டிகிரியில், சுமார் 35 நிமிடம். குச்சி சுத்தமாக வந்தாலும் அரிசி மாவு கேக்கின் நடு சில நேரம் வேகாமல் இருக்கும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 96 டிகிரி காட்டட்டும்.

அப்படியானால் நான்காவது முட்டை? துணைக்கேள்வியாக இது வரும். நான்கு போட்டால் 180 கிராம், மாவின் 1.2 பங்கு. பாலும் 20 மில்லிக்கு இறங்கிவிடும். கேக் அவனில் அழகாக எழும்பும், ஆனால் வெட்டினால் ஸ்பாஞ்ச் துண்டு போல் துள்ளும், அழுத்தினால் ரப்பர் மாதிரி திரும்பும், முட்டை வாடை முன்னால் வரும், மறுநாள் வறண்டு போகும். வெள்ளைக்கருப் புரதம் இறுகிக்கொண்டே போனால் ஈரத்தைப் பிழிந்து தள்ளும், அதனால்தான் இந்த வறட்சி. இன்னும் கொஞ்சம் பிடிப்பு வேண்டும் என்றால் ஒரு மஞ்சள் கரு மட்டும் கூட்டுங்கள், கொழுப்பு இருப்பதால் மென்மை போகாது. இல்லையென்றால் 150 கிராம் மாவுக்குக் கால் தேக்கரண்டி சாந்தன் கம். அதற்கு மேல் போட்டால் பிசுபிசுப்பு வந்துவிடும்.

வெட்டிய முகத்தைப் பார்த்தே என்ன நடந்தது என்று சொல்லப் பழகுங்கள். நடு அமுங்கி, கை வைத்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தால் முட்டை குறைவு. அடியில் களி போல ஒரு கோடு தெரிந்தால் முட்டையைக் கூட்டிப் பாலைக் குறைக்கவில்லை, அல்லது மாவு ஊறவில்லை. பெரிய பெரிய துளைகளோடு இழுபட்டால் முட்டை அதிகம், அல்லது அவன் சூடு அதிகம். தேர்வாளர் ஒரு துண்டை நீட்டி "இதுல என்ன ஆச்சு?" என்றால் இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும்.

எல்லா கேக்குக்கும் ஒரு முட்டை கூட்டு என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். நான்கு முட்டையும் 120 கிராம் மாவும் சேரும் ஜெனோவாஸ் வகையில் முட்டை ஏற்கெனவே மாவின் ஒன்றரைப் பங்கு. அங்கே கூட்டவே வேண்டாம். மைதாவை அரிசி மாவும் ஸ்டார்ச்சுமாக மாற்றி, நுரையைக் காப்பாற்றினாலே கேக் நிற்கும். முதலில் மூலச் செய்முறையின் முட்டை-மாவு விகிதத்தைப் போட்டுப் பாருங்கள். விகிதம் 1-ஐத் தொட்டுவிட்டால் கூடுதல் பூஜ்யம். முட்டையே சேர்க்காத க்ளூட்டன் இல்லாத கேக் கேட்டால், அது வேறு கணக்கு. அங்கே இசப்கோல் தவிடு போன்றவை பிடிப்பைத் தரும், ஆனால் சூட்டில் இறுகும் முட்டைப் புரதத்தின் வேலையை முழுசாகச் செய்யாது என்று நேராகச் சொல்லிவிடலாம்.

மாவு எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்கள். தெருமுனை மாவு மில்லில் அரைத்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதே கல்லில் கோதுமையும் அரைபடும், ஒட்டியிருக்கும் கோதுமை மாவு நம் மாவில் கலந்துவிடும். நம் நாட்டு உணவுச் சட்டப்படி ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் க்ளூட்டன் இருந்தால்தான் "க்ளூட்டன் இல்லாதது" என்று உறையில் போட முடியும். சீலியாக் நோயாளிக்கு அந்த அளவுதான் முக்கியம். முத்திரை இட்ட பாக்கெட்டை வாங்கி, உறையைத் தேர்வு மேசையில் வைத்துவிடுங்கள். டின், சல்லடை, மரக்கரண்டி மூன்றும் மைதா படாதவையா என்று அடுத்த கேள்வி வரும், அதற்கும் தயாராக இருங்கள்.