பனிக்குட நீர் 6.1 என்று வந்தபோது

34ஆவது வார ஸ்கேன் ரிப்போர்ட்டில், குழந்தையைச் சுற்றியுள்ள பனிக்குட நீரின் அளவைச் சொல்லும் ஏ.எஃப்.ஐ. 6.1 என்று இருந்தது. தண்ணி கம்மியாம் என்றதும் அத்தை சிசேரியனுக்கு நாள் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார். அந்த எண் எப்படி வருகிறது என்பதை மறுநாள் டாக்டர்தான் விளக்கினார்.

வயிற்றைத் தொப்புளை வைத்து நாலு பாகமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் கை கால், தொப்புள்கொடி எதுவும் குறுக்கே வராத இடமாகப் பார்த்து, நீரின் ஆழத்தை மேலிருந்து கீழாகச் சென்டிமீட்டரில் அளந்து கூட்டுகிறார்கள். எனக்கு 2.1, 0, 1.4, 2.6. அந்த 0 வந்த பக்கம் கொடி சுருண்டு கிடந்ததால் அளக்க இடமே இல்லை. கூட்டுத்தொகை 5க்குக் கீழே போனால் குறைவு, 24க்கு மேலே போனால் அதிகம்.

டாக்டர் பார்த்தது 2.6ஐ. இருப்பதிலேயே ஆழமான இடம் 2க்குக் குறையாமலும் 8ஐத் தொடாமலும் இருந்தால் சரி என்றார். கூட்டிப் பார்க்கும் முறையில் நிறையப் பேருக்கு ‘குறைவு’ என்று வந்து, வலி வரவழைக்கும் மருந்து வரை போய்விடுகிறதாம். அதனால் குழந்தைக்குக் கூடுதல் நன்மையும் இல்லை. இதை ரிப்போர்ட் கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம்.

அதோடு அவர் விட்டுவிடவில்லை. பின் மாதங்களில் அந்த நீரில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாவிட்டால் குழந்தை ரத்தத்தை மூளைக்குத் திருப்பிக்கொள்ளும். சிறுநீரகத்துக்குப் போவது குறையும், நீரும் குறையும். அதனால் டாப்ளர் ஸ்கேனில் தொப்புள்கொடியின் ரத்த ஓட்டத்தைப் பார்த்தார், எடையைச் சரிபார்த்தார். திரையில் குழந்தையின் சிறுநீர்ப்பை கறுப்பு வட்டமாக நிரம்பியிருந்ததைக் காட்டினார். உள்ளாடை நனைகிறதா என்று கேட்டு, பனிக்குடம் கசிகிறதா என்று உள்ளே பரிசோதித்தார். வலி மாத்திரை ஏதாவது போட்டேனா என்றும் கேட்டார். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை குழந்தையின் சிறுநீரைக் குறைக்கும்.

எல்லாம் சரியாக இருந்ததால், நன்றாகத் தண்ணீர் குடி, அசைவைக் கவனி, அடுத்த வாரம் வா என்று அனுப்பினார். அப்போது 8.4. தண்ணீர் குடித்ததும் உதவியிருக்கலாம். அளவே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறக்கூடியதுதான். ரத்த ஓட்டம் கெட்டிருந்தால் தண்ணீர் குடித்துக் காத்திருப்பது தீர்வாகாது. கசிவோ அசைவுக் குறைவோ தெரிந்தால் அடுத்த ஸ்கேன் வரை பொறுக்காமல் உடனே போக வேண்டும்.

என் நாத்தனாருக்கு நேர்மாறு, 27. முதலில் சர்க்கரைப் பரிசோதனை செய்தார்கள். தாய்க்குச் சர்க்கரை ஏறினால் குழந்தை அதிகம் சிறுநீர் கழிக்கும். அப்புறம் குழந்தையின் இரைப்பை தெரிகிறதா என்று தேடினார்கள், விழுங்க முடியாத குழந்தைக்கும் நீர் சேரும் என்பதால். இரண்டிலும் குறையில்லை. லேசான அதிகத்துக்குப் பெரும்பாலும் காரணமே கிடைக்காதாம். அவளிடம் அழுத்திச் சொன்னது ஒன்றுதான்: குடம் உடைந்து நீர் கொட்டினால் கொடி முன்னால் நழுவி வரலாம், அதனால் நடமாடாமல் ஒருக்களித்துப் படுத்தபடி உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.