புதிய வேலையை லிங்க்ட்இனில் அறிவித்தபோது

கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்த நான், ஒரகடத்தில் உள்ள வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றில் தரப் பொறியாளராகச் சேர்ந்திருக்கிறேன். நியமனக் கடிதம் வந்த அன்றே செய்தியைப் போடச் சொன்னார்கள் நண்பர்கள். நான் போடவில்லை. பின்னணிச் சரிபார்ப்பு முடியும்வரை அந்தக் கடிதம் நிபந்தனைக்கு உட்பட்டது. பழைய நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதமும் கைக்கு வரவேண்டியிருந்தது. பணியில் சேர்ந்த பிறகே எழுத உட்கார்ந்தேன்.

முதலில், சுயவிவரப் பக்கத்தில் புதிய பதவியைச் சேர்க்கும்போது Notify network என்பதை அணைத்துவைத்தேன். அது இயங்கினால் தொடர்பில் உள்ளவர்களுக்குத் தானாகவே ஓர் அறிவிப்பு போகக்கூடும். நன்றி சொல்லும் செய்தி முதலில் என் சொற்களிலேயே போய்ச் சேர வேண்டும் என்று விரும்பினேன்.

அடுத்து, யார் யாருக்கு நன்றி சொல்வது என்பதைவிட, அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை எழுதிப் பார்த்தேன். 'வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி' என்றால் அது யாரையும் தொடாது. பெயரைக் குறிப்பிட்டு இணைக்கும் முன் ஒவ்வொருவரிடமும் போனில் கேட்டேன். பழைய நிறுவனத்தில் இன்னும் பணிபுரியும் அண்ணன் ஒருவர், "தம்பி, என் பெயர் வேண்டாம். ஆட்களை வெளியே அனுப்புவதே நான்தான் என்று இங்கே நினைத்துவிடுவார்கள்" என்றார். அவருடைய பயம் நியாயமானது. பெயரை விட்டுவிட்டு, நன்றியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

செய்தியின் முதல் சில வரிகள் மட்டுமே திரையில் தெரியும். மீதியைப் படிக்கத் தட்டித் திறக்க வேண்டும். அதனால் பதவியையும் நிறுவனத்தையும் முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, நன்றியை உடனே தொடங்கினேன்:

"உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜை எப்படிச் சாய்த்துப் பார்த்து மிகக் குறைந்த அளவை எடுக்க வேண்டும் என்று ஷிப்டு முடிந்த பிறகும் நின்று கற்றுக்கொடுத்தவர் என் முதல் மேற்பார்வையாளர். நேர்முகத் தேர்வில் அதைத்தான் செய்துகாட்டச் சொன்னார்கள். என் விண்ணப்பத்தைத் திருத்தி, உரிய இடத்தில் சேர்த்தவர் கல்லூரித் தோழி. இருவருக்கும் என் நன்றி. பெயர் வேண்டாம் என்று சொன்ன அண்ணனுக்கும்."

எத்தனை சுற்றுத் தேர்வு, எத்தனை பேர் போட்டியிட்டார்கள், சம்பளம் எவ்வளவு கூடியது என்பவற்றை எழுதவில்லை. வேலை தேடிக்கொண்டிருக்கும் நண்பர்களும் அதே பக்கத்தைத்தான் படிக்கிறார்கள். அடையாள அட்டையின் படத்தையும் சேர்க்கவில்லை. அதிலுள்ள விவரங்களைக் கொண்டு போலி அட்டை செய்யலாம். புதிதாகச் சேர்ந்தவர்களைக் குறிவைத்து, மேலதிகாரியின் பெயரில் பரிசு அட்டை வாங்கச் சொல்லும் மோசடி மின்னஞ்சல்களும் வருவதுண்டு.

வாழ்த்தியவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் எழுதினேன். "அங்கே எனக்கும் வாய்ப்பு இருக்குமா?" என்று கேட்ட ஓர் இளைஞருக்கு மட்டும் தனிச்செய்தி அனுப்பி, அவருடைய விண்ணப்பத்தைக் கேட்டிருக்கிறேன்.